பாதி கட்டிய கட்டடத்தில் லாபம் எவ்வளவு? ஒப்பந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடும் முறை

மார்ச் 31 வந்ததும் கட்டட காண்டிராக்டர்கள் பலரும் செய்வது ஒன்றுதான்: வங்கியில் வந்த பணத்திலிருந்து போன பணத்தைக் கழித்து, மிஞ்சியதை லாபம் என்கிறார்கள். முடியாத வேலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சைட்டில் கம்பி கிடக்கும், அளவெடுக்காத பூச்சு வேலை சுவரில் இருக்கும், பில்லில் பத்து சதவீதம் உரிமையாளர் கையில் நிற்கும். இவை எதுவும் பாஸ்புக்கில் தெரியாது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தக்கலை பக்கம் ஓர் அறக்கட்டளைக்காக இரண்டு மாடிப் பள்ளிக்கட்டடம். ஒப்பந்தத் தொகை ஜி.எஸ்.டி. இல்லாமல் ரூ.60,00,000. வேலை ஜூனில் தொடங்கியது. வேலை நடக்கும்போதே போடும் ரன்னிங் பில் ஒவ்வொன்றிலும் 10% ரிட்டென்ஷன், அதாவது உரிமையாளர் தன் கையில் நிறுத்தி வைக்கும் பிடித்தம். விலைகள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்தவை.

படி 1: செலவை சைட் வாரியாகச் சேர்க்கவும்

ஒரு சைட்டுக்கு ஒரு கணக்கு. இரணியல் சைட்டுக்கு வாங்கிய சிமெண்டைத் தக்கலையில் இறக்கினால் அன்றே மாற்றி எழுத வேண்டும். மார்ச் 31 வரை நம் சைட்டின் செலவு:

- பொருட்கள்: 19,80,000
- கூலி (கொடுக்க வேண்டிய 20,000 உட்பட): 9,60,000
- வயரிங், பிளம்பிங் உள்காண்டிராக்ட்: 1,60,000
- வண்டி வாடகை, சென்ட்ரிங் வாடகை: 1,50,000
- சொந்த மிக்சர், சென்ட்ரிங் தகடு தேய்மானம்: 60,000
- அலுவலகச் செலவில் இந்த சைட்டின் பங்கு: 70,000

மொத்தம் 33,80,000. மிக்சரும் தகடும் வாங்கிய விலை 3,00,000. ஆண்டு முடிவில் மதிப்பு 2,40,000. தேய்ந்த 60,000 மட்டுமே இந்த வேலையின் செலவு. முழு விலையையும் ஏற்றினால் இந்த ஆண்டு நஷ்டம் போலவும் அடுத்த ஆண்டு அள்ளிக் கொட்டியது போலவும் தெரியும்.

படி 2: சைட்டில் மிஞ்சிய பொருளை எண்ணிக் கழிக்கவும்

மார்ச் 31 அன்று மாலை, வேலை நின்ற பிறகு எண்ணுங்கள். சிமெண்ட் 50 மூட்டை (20,000), கம்பி 2 டன் (1,20,000), எம்-சாண்ட் 400 கன அடி (26,000), டைல்ஸ் (34,000). ஆக 2,00,000. இதைக் கழித்தால் இதுவரை செய்த வேலையின் அடக்கம் 31,80,000.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பொருளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும். ஷெட் சரியில்லை என்றால் சிமெண்ட் கட்டிதட்டிவிடும். மூட்டையை அழுத்திப் பாருங்கள். உள்ளே கல்லாக இருந்தால் அதைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள், வேலையின் அடக்கத்திலும் விட்டுவைக்காதீர்கள். அது அசாதாரண இழப்பு. சைட் கணக்கிலிருந்து எடுத்து நேராக லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். திருட்டுப் போன கம்பிக்கும் இதே வழிதான்.

படி 3: சான்றளித்தது எது, சான்றளிக்காதது எது

இன்ஜினியர் அளவெடுத்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்திட்ட வேலையே சான்றளித்த வேலை. அது ஒப்பந்த விலையில் இருக்கும், அதாவது உங்கள் லாபம் அதற்குள்ளேயே அடக்கம். நம் கணக்கில் இதுவரை 36,00,000.

தகராறு தேதியில்தான் வரும். கடைசி அளவு மார்ச் 20. செலவோ மார்ச் 31 வரை ஏறியிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் மேல்மாடி உட்பூச்சு நடந்தது. அதன் அடக்கத்தைக் கூலிப் பதிவேட்டையும் ஸ்டோர் சீட்டையும் வைத்துப் பிரியுங்கள்: கூலி 1,05,000, சிமெண்ட் 90 மூட்டை 400 வீதம் 36,000, எம்-சாண்ட் 600 கன அடி 65 வீதம் 39,000. ஆக சான்றளிக்காத வேலை 1,80,000.

இதை அடக்க விலையில் மட்டுமே எழுத வேண்டும். பில் போட்டால் இரண்டே கால் லட்சம் வருமே என்று அந்தத் தொகையை எழுதினால், யாரும் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு லாபம் எடுத்ததாகிவிடும். இதை அடியோடு மறப்பதும் தவறு. பதினோரு நாள் செலவு மட்டும் ஏறி, லாபம் 1,80,000 குறைந்து தெரியும்.

படி 4: நோஷனல் லாபம், அதாவது இதுவரையான கணக்களவு லாபம்

```
சான்றளித்த வேலை        36,00,000
சான்றளிக்காத வேலை      1,80,000
                       37,80,000
கழி: வேலையின் அடக்கம்  31,80,000
நோஷனல் லாபம்           6,00,000
```

இங்கே நஷ்டம் வந்தால் மேலே போக வேண்டாம். நஷ்டம் முழுவதையும் அந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். பங்கு பிரிப்பதெல்லாம் லாபத்துக்குத்தான்.

படி 5: வந்த பணமும் ரிட்டென்ஷனும்

36,00,000-ல் 10% பிடித்தம் 3,60,000. வந்த பணம் 32,40,000. ஆனால் பாஸ்புக்கில் இந்தத் தொகை இருக்காது. தனிநபர் காண்டிராக்டருக்கு 1% டி.டி.எஸ். முழு பில்லுக்கும் பிடித்திருந்தால் 36,000 குறையும், ஜி.எஸ்.டி. மேலே கூடும். டி.டி.எஸ். உங்கள் பெயரில் கட்டிய வரி, எனவே அதை வந்த பணமாகவே கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.யைச் சேர்க்காதீர்கள். வேலை தொடங்க வாங்கிய முன்பணத்தில் பில்லில் இன்னும் கழியாத பகுதியையும் சேர்க்காதீர்கள். அது நீங்கள் வேலையாகத் திருப்ப வேண்டிய கடன்.

ரிட்டென்ஷனுக்குத் தனி லெட்ஜர் திறந்து, பில் எண், தொகை, திரும்ப வேண்டிய தேதி மூன்றையும் எழுதுங்கள். எப்போது திரும்பும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பழுது பார்க்கும் பொறுப்புக் காலம் முடியும் வரை பாதியாவது நிற்பது வழக்கம். அந்தக் காலத்தில் மேல்தளத்தில் ஒழுகினால் சரிசெய்யும் செலவு இதில்தான் கழியும்.

படி 6: எவ்வளவு லாபம் எடுக்கலாம்

காஸ்டிங் பாடத்தில் உள்ள வழக்கமான அளவு இது. சான்றளித்த வேலை ஒப்பந்தத்தில் கால் பங்குக்குக் கீழே என்றால் லாபம் எடுப்பதில்லை. காலிலிருந்து பாதிக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 90% போல முடிந்துவிட்டால் மீதிச் செலவையும் மதிப்பிட்டு, மொத்த லாபத்தில் முடிந்த விகிதத்தை எடுப்பார்கள்.

நம் வேலை 36/60, அதாவது 60%.

```
6,00,000 × 2/3 × 32,40,000 / 36,00,000 = 3,60,000
```

கடைசிப் பெருக்கலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணமாக வராத 10%-க்கு உரிய லாபத்தையும் ஒதுக்கி வைப்பதற்காகவே அது இருக்கிறது. மீதி 2,40,000 ஒதுக்கமாக நிற்கும். (ரிட்டென்ஷனும் 3,60,000-ஆக வந்தது இந்த எண்களால் நேர்ந்த பொருத்தம்தான்.)

சரிபார்க்க ஒரு வழி: அடக்கம் 31,80,000 + எடுத்த லாபம் 3,60,000 − வந்த பணம் 32,40,000 = 3,00,000. மறுபக்கம், 37,80,000 − ஒதுக்கம் 2,40,000 − வந்த பணம் 32,40,000 = 3,00,000. இருப்புநிலைக் குறிப்பில் முடியாத வேலையின் மதிப்பாக நிற்பது இதுவே. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் படி 4 அல்லது 6-ல் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

வருமான வரிக்கு இதே லாபம் செல்லாது

மேலே போட்டது உங்கள் நிர்வாகத்துக்கான எச்சரிக்கைக் கணக்கு. கணக்கியல் தரம் ஏ.எஸ். 7-உம், வருமான வரிக்கான கணக்குத் தரம் ஐ.சி.டி.எஸ். 3-உம் முடிந்த வேலையின் சதவீதத்தைக் கேட்கின்றன. மொத்த அடக்கம் 53,00,000 ஆகும் என்று மதிப்பிட்டால், 31.8/53 = 60%; மொத்த லாபம் 7,00,000-ல் 60%, அதாவது 4,20,000. மூன்றில் இரண்டு பங்கு என்ற குறைப்பு இங்கே கிடையாது. ஐ.சி.டி.எஸ். 3 ரிட்டென்ஷனையும் ஒப்பந்த வருவாயில் சேர்க்கிறது. கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டி வரும். எனவே முன்வரித் தவணைக்குப் பணம் ஒதுக்கும்போது 3,60,000-ஐ அல்ல, 4,20,000-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்.