அட்டைப்பெட்டி பிரிண்டரை மாற்றியபோது அனுப்பிய மெயில்

தட்டாஞ்சாவடியில் எங்கள் சோப்புப் பெட்டிகளை அடித்துக் கொடுத்தவருடனான ஒப்பந்தத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் 30 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் என்று இருந்தது. மெயிலும் செல்லுமா என்பதை அந்த ஷரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புவது நல்லது. ஜூன் 3 அன்று மெயில் போய்ச் சேர்ந்தது. அந்த நாளை விட்டு எண்ணினால் ஜூலை 3-ல் 30 நாள் முடியும். "ஒரு மாதத்தில்" என்று எழுதாமல் அந்தத் தேதியையே எழுதினேன்.

தரக்குறைவு, தாமதம் என்று பழைய கணக்கு எதையும் எடுக்கவில்லை. காரணம் எழுதினால் பதிலுக்கு வாதம் வரும், பொருள் வராது. எழுதியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார். ஒப்பந்தத்தின் 9-வது ஷரத்துப்படி இது 30 நாள் நோட்டீஸ். கடைசி நாள் ஜூலை 3. ஏற்கெனவே கொடுத்த ஆர்டர்களை அதற்குள் முடித்துத் தாருங்கள். அவற்றுக்கான பில் வழக்கம்போல் செட்டில் ஆகும். கிடைத்ததாக ஒரு வரி பதில் போடவும்."

அவர் திருப்பித் தர வேண்டிய பொருள்களின் பட்டியலைத் தனியாக இணைத்தேன். சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் அச்சான கட்டிங் டை யாருடையது என்பதற்குப் பழைய பில்தான் சாட்சி. அதில் "டை சார்ஜ்" தனியாகப் போட்டிருந்தால் கேட்க வலுவுண்டு. பெட்டி விலையிலேயே சேர்த்திருந்தால் இழுபறிதான். டிசைனுக்கு பிடிஎஃப் மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூல ஃபைலும் வேண்டும். மிச்சமிருக்கும் அச்சடித்த பெட்டிகளில் நம் பெயரும் முகவரியும் இருப்பதால், அவற்றை எண்ணி டெலிவரி சலானில் இருவரும் கையெழுத்திட்டே எடுத்து வர வேண்டும்.