டேலன்ட் ரிவ்யூ சம்மரி எழுதுறது எப்படி: "பயந்த சுபாவம்"னு எழுதி மாட்டிக்கிட்டவன் சொல்றேன்

மண்டபம் பக்கத்துல ஒரு நண்டு கம்பெனில எனக்கு எச்ஆர் வேலை. நண்டை வாங்கி, அவிச்சு, சதை எடுத்து, டின்ல அடைச்சு ஏற்றுமதி பண்ற பிளான்ட். வருஷா வருஷம் ஜூலை வாக்குல ஹெட் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்துரும், அடுத்த நிலைக்குப் போகக்கூடிய ஆளுங்க யாரு, எப்ப ரெடியாவாங்க, ஆளுக்கு அரைப்பக்கம் அனுப்புங்கன்னு. முதல் தடவை நான் பிளான்ட் மேனேஜர் சொன்னதை அப்படியே டைப் பண்ணி அனுப்பிட்டேன். மீட்டிங்ல டைரக்டர் ஒரே ஒரு வரியைத் தொட்டு, "இதை எதை வச்சுப்பா எழுதுன?"ன்னாரு. வாயைத் திறக்க முடியல. அந்த வரிக்குச் சொந்தக்கார அக்கா பேரு அந்த வருஷம் லிஸ்ட்லயே நிக்கல, அதுதான் இன்னும் உறுத்துது. அதுக்கப்புறம் ரெண்டு ரிவ்யூ எழுதிட்டேன், இப்ப ஓரளவு பிடிபட்டுருச்சு.

அப்ரைசல்னா என்ன, ரேட்டிங்னா என்னன்னு தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா போறேன்.

முதல்ல எந்த சீட்டுக்குன்னு எழுதுங்க. "பொட்டென்ஷியல் ஹை"ன்னு மொட்டையா எழுதுனா அர்த்தமே இல்ல. இப்ப பாக்குற வேலையை நல்லா பாக்குறது பெர்ஃபார்மன்ஸ், இன்னும் பாக்காத வேலையைப் பாக்க முடியுமாங்குறது பொட்டென்ஷியல், அதனால எந்த வேலைன்னு சொல்லாம ரெண்டாவதைப் பேசவே முடியாது. எங்கள்ல வேகமா சதை எடுக்குற அக்காவை சூப்பர்வைசர் ஆக்கிட்டு, ஆறு மாசத்துல நல்ல கையையும் இழந்து, சூப்பர்வைசரும் கிடைக்காம நின்ன அனுபவம் உண்டு. அதனால தலைப்புலயே "புரொடக்ஷன் இன்சார்ஜ் சீட்டுக்கு"ன்னு போட்டுட்டு, அந்த சீட்டுல உக்காந்தவர் தினமும் என்ன முடிவு எடுக்கிறார்னு நாலு வரி எழுதி வச்சுக்கோங்க. எங்க சீட்டுக்கு அது: நாளைக்கு எவ்வளவு நண்டு வரும்னு கணிச்சு ஆள் போடுறது, அவிக்கிற இடத்துல இருந்து பேக்கிங் வரைக்கும் சரக்கு சூடேறாம நகத்துறது, ஆடிட் வந்தா ரெக்கார்டுக்கு பதில் சொல்றது, சரக்கை நிறுத்தணும்னா நிறுத்துறது.

அடுத்தது ஆதாரம் சேக்குறது. இங்க நம்ம ஊருக்குன்னே ஒரு கண்ணி இருக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும்தான். அந்த ரெண்டு மாசம் எங்க ஹாலே பாதி காலி. ரிவ்யூ எழுதுறது அது முடிஞ்ச கையோட, அதனால மேனேஜர் மனசுல நிக்குறதெல்லாம் அந்த மந்தமான ரெண்டு மாசம்தான். "ஒண்ணும் பெருசா பண்ணலயே"ன்னுவாரு, பண்றதுக்கு சரக்கு வந்தாத்தானே? அதனால நான் போன ஜூலைல இருந்து இந்த ஜூன் வரை எடுத்து, தடை முடிஞ்சு வரத்து ஏறுற நேரம், மழைக்காலம், தடைக்காலம்னு மூணா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சம்பவமாவது இருக்கான்னு பாக்குறேன். இல்லன்னா "இந்தக் காலத்துக்கு பதிவு இல்லை"ன்னு எழுதிடுவேன், இட்டுக்கட்டி நிரப்ப மாட்டேன்.

இதுக்கு சாஃப்ட்வேர் எதுவும் வாங்காதீங்க. ஒரு கூகுள் ஷீட், நாலு காலம்: தேதி, என்ன நடந்துச்சு, அவங்க என்ன பண்ணாங்க, எதுல பதிவாகியிருக்கு. சூப்பர்வைசர்களை ஷீட்ல எழுதச் சொன்னா எழுத மாட்டாங்க, வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போடச் சொன்னா போடுவாங்க, நான் கேட்டு ஏத்திக்குவேன். அந்த ஒன்பது கட்டம் போட்டு பச்சை மஞ்சள் சிவப்பு அடிக்கிற டெம்ப்ளேட் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மேல உள்ளவங்க கலரைத்தான் பாக்குறாங்க, எழுத்தைப் படிக்க மாட்டேங்குறாங்க. கட்டாயம் கேட்டாங்கன்னா கடைசிப் பக்கத்துல வைங்க.

இப்ப என்னைய விழவச்ச இடத்துக்கு வருவோம். மேனேஜர் அந்த அக்காவைப் பத்தி சொன்னது இது, நான் அப்படியே அனுப்பினதும் இதுதான்:

"ரொம்ப சின்சியர். எல்லார்கிட்டயும் அன்பா இருப்பாங்க. கொஞ்சம் பயந்த சுபாவம். குடும்ப சூழ்நிலையால வெளியூர் வர மாட்டாங்க. பொட்டென்ஷியல் மீடியம்."

படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒரு சம்பவம்கூட கிடையாது. அந்த அக்கா பிக்கிங் ஹால் சூப்பர்வைசர், நாப்பது பேரு அவங்க பொறுப்புல. அடுத்த வருஷம் இதே ஆளைப் பத்தி எழுத உக்காந்தப்ப ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துக்கிட்டு மேனேஜர்கிட்ட போனேன். இதை கேமராவுல பிடிச்சா என்ன தெரியும்? அதுதான் என் ஒரே கேள்வி.

"அண்ணே, பயந்த சுபாவம்னு சொன்னீங்கள்ல, என்ன பாத்தீங்க?"

"மீட்டிங்ல பேசவே மாட்டேங்குதுப்பா."

"எத்தனை மீட்டிங்ணே?"

யோசிச்சாரு. மூணு. மூணும் வெளிநாட்டு பையர் வந்த மீட்டிங், மூணும் இங்கிலீஷ்ல. சரி, ஹால்ல எப்படின்னு கேட்டேன். அப்பத்தான் மனுசன் தானா ஒரு கதையை எடுத்து விடுறாரு. நவம்பர்ல ஒரு மழைநாள், ஐஸ் வண்டி பாம்பன் பக்கம் மாட்டிக்கிச்சு. சதையோட சூடு 5 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு எங்க லிமிட், ரெண்டு டேபிள்ல 4.6 காட்டுது. மேனேஜர் ஊர்ல இல்ல. அக்கா யாரையும் கேக்காம அந்த ரெண்டு டேபிளையும் நிறுத்தி, எடுத்த சதையை சில் ரூமுக்கு மாத்தி, மிச்ச ஐஸை மத்த டேபிளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு, அப்புறமாத்தான் இவருக்கு போன் அடிச்சிருக்காங்க. டெம்பரேச்சர் ஷீட்ல நேரத்தோட எழுதியும் வச்சிருக்காங்க. சரக்கை நிறுத்துறது இன்சார்ஜ் எடுக்க வேண்டிய முடிவு, இவங்க அதை எடுத்திருக்காங்க, இவங்களுக்குத்தான் நாங்க பயந்த சுபாவம்னு பட்டம் குடுத்தோம்.

ஆனா உடனே "தைரியசாலி"ன்னு மாத்தி எழுதிடாதீங்க. நான் அப்படித்தான் செய்யப் பாத்தேன். அதுவும் அதே தப்புதான், திட்டு போய் பாராட்டு வந்திருக்கும், அவ்வளவுதான். நடந்ததை மட்டும் எழுதணும், எதிரா இருக்குற சம்பவத்தையும் விடக்கூடாது. ஏன்னா மீட்டிங்ல பேசலங்குறதும் உண்மைதானே, ஆடிட்ல பேச வேண்டிய சீட்டு அது.

பாராட்டு பக்கமும் இதே சல்லடைதான். இன்னொரு தம்பி, குவாலிட்டில இருக்காரு, அவரைப் பத்தி "ஃபியூச்சர் லீடர்"னு வந்துச்சு. கேமராவுல என்ன தெரியும்னு கேட்டா, ஒரே ஒரு ஆடிட்ல நல்லா இங்கிலீஷ் பேசினது மட்டும்தான். அதை அப்படியே எழுதினோம், பக்கத்துல "ஆள் நடத்தின பதிவு இல்லை"ன்னும் சேத்தோம்.

எழுதி முடிச்சதும் Ctrl+F போட்டு "எப்பவும்", "ரொம்ப", "நல்ல", "ஆட்டிட்யூட்", "சுபாவம்" இதையெல்லாம் தேடுங்க, சிக்குற இடமெல்லாம் சம்பவம் இல்லாத இடமாத்தான் இருக்கும். முதல்ல தமிழ்லயே எழுதுங்கன்னும் சொல்லுவேன். இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா "டைனமிக்", "கோ கெட்டர்"னு கை தானா போயிரும், தமிழ்ல "அப்படி என்னத்தைப் பண்ணாங்க"ன்னு நமக்கே கேள்வி வந்துரும்.

அடுத்து ரெடினஸ். "ரெடி நவ்"னா நாளைக்கு காலைல அந்த சீட்டுல உக்கார வச்சா வழக்கமான உதவியோட ஓட்டிடுவாங்கன்னு அர்த்தம், சீக்கிரம் ரெடியாவாங்கங்குறது அதுல சேராது. அதுக்குக் கீழ போடுற வருஷக்கணக்கு சும்மா அந்தரத்துல நிக்கக்கூடாது. என்ன குறையுது, அதைச் செஞ்சு பாக்க எங்க ஊர் சீசன்ல எப்ப வாய்ப்பு வரும், அந்த ரெண்டையும் கூட்டுனா வர்றதுதான் மாசக்கணக்கு. அக்காவுக்குக் குறைஞ்சது ஆள் போடுற கணிப்பும் ஆடிட் பதிலும். கணிப்பைப் பழகணும்னா வரத்து ஏறுற சீசன் ஒண்ணு முழுசா வேணும், நாங்க எழுதுறது ஜூலைல, இந்த சீசனுக்கு இன்சார்ஜ் பக்கத்துல உக்காந்து பாக்கணும், அடுத்த சீசனை அவங்களே ஓட்டணும். அப்படித்தான் 12ல இருந்து 18 மாசம்னு வந்துச்சு.

வெளியூர் விஷயம். இதை மட்டும் நாம யூகிக்கவே கூடாது. பொம்பளைங்கன்னா "குடும்பம்"னு எழுதுறதும், பையன்னா "எப்படியும் சவுதி போயிருவான்"னு எழுதுறதும் நம்ம பக்கம் சர்வ சாதாரணம். நான் அக்காகிட்டயே நேர்ல கேட்டேன், "அக்கா, தூத்துக்குடில ஆறு மாசம் வேலைன்னா போவீங்களா?" "அடுத்த ஜூனுக்கு அப்புறம்னா போவேன் தம்பி, பிள்ளைக்கு பிளஸ் டூ முடிஞ்சிரும்." இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம். சம்மரில பதிலும் தேதியும் மட்டும்தான் போட்டேன், பிள்ளை படிப்பு ஹெட் ஆபீஸுக்கு எதுக்கு?

கடைசியா போனது இது:

"புரொடக்ஷன் இன்சார்ஜ் சீட்டுக்கு. நவம்பரில் ஐஸ் வராத நாளில், மேலதிகாரி இல்லாதபோது இரண்டு டேபிளை நிறுத்தி சதையை சில் ரூமுக்கு மாற்றினார். சூடு 5 டிகிரியைத் தாண்டவில்லை (டெம்பரேச்சர் ஷீட்). தான் லீவில் இருந்த எட்டு நாளும் ஹாலை நடத்த இன்னொருவரைத் தயார் செய்தார். பையர் மீட்டிங் மூன்றிலும் பேசவில்லை. மூன்றும் ஆங்கிலத்தில் நடந்தவை, தமிழில் நடந்த ஆடிட்டில் இன்னும் வாய்ப்பு தரப்படவில்லை. வரத்து கணிப்பு செய்த பதிவு இல்லை. தடைக்காலத்துக்குப் பதிவு இல்லை. ரெடினஸ்: 12 முதல் 18 மாதம், ஒரு சீசன் கணிப்பைத் தானே நடத்திய பின். வெளியூர்: நேரில் கேட்டது, அடுத்த ஜூனுக்குப் பின் ஆறு மாதம் வரை சம்மதம்."

டைரக்டர் இந்தத் தடவை கேட்டது ஒண்ணே ஒண்ணு, "தமிழ் ஆடிட் ஏன் இன்னும் குடுக்கல?" அதுக்கு பதில் சொல்ல வேண்டியது மேனேஜர், நான் தப்பிச்சேன்.

பின்னாடி சேத்தது: இதைப் படிச்சுட்டு தொண்டி பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டாங்க, மேனேஜர் ஒரு சம்பவமும் ஞாபகம் இல்லன்னு கையை விரிச்சா என்ன பண்றதுன்னு. ஷிப்ட் ரிஜிஸ்டரையும் டெம்பரேச்சர் ஷீட்டையும் எடுத்து அவர் முன்னாடி வைங்க, தேதியைப் பாத்தா கதை வரும். அப்பவும் வரலன்னா "மதிப்பிட போதிய பதிவு இல்லை"ன்னு எழுதுங்க, "மீடியம்"னு போட்டு மூடிடாதீங்க.

இன்னொண்ணு, எங்க டிராஃப்ட் ஒருதடவை தப்பா பிளான்ட் வாட்ஸப் குரூப்ல விழுந்துருச்சு, ரெண்டு நாள் ஹால்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. இப்பல்லாம் ஃபைல்ல பேரு போடுறதில்ல, எம்ப்ளாயி நம்பர் மட்டும்தான், பாஸ்வேர்டை போன்ல சொல்லிடுறேன்.