பிறந்தநாள் ரீல்: முன்பதிவு விதி முதல் வரியில்

பிறந்தநாள் விழா ஏற்பாட்டுக்கான 30 விநாடி ரீலில் முன்பதிவு விதியைக் கடைசியில் வைக்காமல், முதல் 3 விநாடிக்குள் திரையில் எழுத்தாகவே காட்டுங்கள்: "3 வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். முன்பணம் வந்தால்தான் தேதி உறுதி."

பெற்றோர் பலர் ஒலியை அணைத்துவிட்டு, பாதியிலேயே தள்ளிவிடுவார்கள். விதி முன்னால் இருந்தால், "நாளை மறுநாள் முடியுமா?" என்ற விசாரிப்புகள் குறையும். அப்புறம் காடு, விண்வெளி, டைனோசர் என மூன்றே தீம்கள். விண்வெளிக் காட்சி ஓடும்போதே "பலூன் வளைவு, பின்திரை, கேக் மேசை அலங்காரம் உண்டு, கேக் கிடையாது" என்று போடுங்கள். அந்த "கிடையாது" முக்கியம், பின்னால் வரும் சண்டையே அதில்தான்.

தயார் செட் வைத்து அவசர ஆர்டர் எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் "இரண்டே நாளில்" என்றே தொடங்கலாம்.