விரல் நுனியில் ஏறிய மரச்சிலாம்பை எடுப்பது எப்படி?

பழைய பலகையைத் தூக்கும்போது ஆட்காட்டி விரலின் நுனியில் ஒரு சிலாம்பு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தோலுக்கு அடியில் சாய்வாகப் படுத்திருக்கிறது. அதன் பின்முனை மட்டும் மயிரிழை அளவுக்கு வெளியே தெரிகிறது. இந்த அளவு சிலாம்பை வீட்டிலேயே எடுத்துவிடலாம். அது உள்ளே ஒடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலையே இருக்கிறது.

வலித்த உடனே எல்லோருடைய கையும் அந்த இடத்தைப் பிதுக்கத்தான் போகும். தயவுசெய்து பிதுக்காதீர்கள். மரம் நார்நாராகப் பிளக்கும் பொருள். பிதுக்கினால் உள்ளேயே இரண்டு மூன்று துண்டாகிவிடும். விரலை வெந்நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். தண்ணீரில் மரம் உப்பி மென்மையாகிவிடும். பிறகு பிடித்து இழுத்தால் முனை மட்டும் கையோடு வரும், மீதி உள்ளேயே தங்கிவிடும்.

1. சுத்தம். இரு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிலாம்பு இருக்கும் இடத்தைத் தேய்க்காமல் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ட்வீசரின் இரு முனைகளையும், கூடவே ஒரு தையல் ஊசியையும், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். துடைத்த முனைகளை மேஜைமீது படும்படி வைக்கக் கூடாது.

2. திசையைப் பாருங்கள். அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்து, சிலாம்பு எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். தோலுக்கு அடியில் மெல்லிய கறுத்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் எந்த முனையில் நுழைந்த துளை இருக்கிறதோ, அதுதான் வெளியே வரும் வழி.

3. இழுங்கள். ட்வீசரின் முனையைத் தோலோடு ஒட்டினாற்போல் வைத்து, சிலாம்பை அடியிலேயே பிடியுங்கள். நுனியில் பிடித்தால் ஒடியும். நுழைந்த அதே சாய்வில், அதே கோட்டில், நிதானமாக இழுங்கள். நேர்மேலே தூக்கினால் துளையின் விளிம்பில் மடங்கி முறிந்துவிடும். வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம்.

முனை வெளியே தெரியவே இல்லையென்றால் ஊசி உதவும். துளையின் பக்கம் இருக்கும் மேல்தோலை மட்டும் ஊசிமுனையால் லேசாகக் கீறித் திறந்து, சிலாம்பின் முனையைச் சற்று நிமிர்த்துங்கள். மேல்தோலோடு நின்றால் ரத்தம் அநேகமாக வராது. ரத்தம் கசியத் தொடங்கினால் ஆழமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பத்து நிமிடம் முயன்றும் பிடி கிடைக்கவில்லையென்றால் நிறுத்திவிடுவதே நல்லது. குடையக் குடையப் புண் பெரிதாகும், சிலாம்பும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகும்.

4. முழுதாக வந்ததா? எடுத்த சிலாம்பை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருந்த முனை கூராக இருந்தால் பெரும்பாலும் முழுதாக வந்துவிட்டது. பிய்ந்து நார்நாராக இருந்தால் துண்டு உள்ளே இருக்கக்கூடும். விரலை மெல்லத் தடவும்போது பழையபடியே குத்தினாலும் அதே சந்தேகம்தான். எல்லாம் வந்துவிட்டால், மறுபடி கழுவி, ஈரம் ஒற்றி, சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவி பிளாஸ்திரி போட்டுக்கொண்டால் போதும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சிலாம்பு ஆழமாகவோ பெரிதாகவோ இருந்தால், நகத்துக்கு அடியில் புகுந்திருந்தால், ஒடிந்த துண்டு உள்ளே தங்கிவிட்டால், விரல் மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் சிறு சிலாம்பானாலும் காட்டிவிடுவது நல்லது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டது எப்போது என்றும் யோசித்துப் பாருங்கள். மண்ணோ சாணமோ பட்ட அழுக்கு மரமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் போட வேண்டிவரலாம். சுத்தமான சிறு காயத்துக்கு இந்தக் கணக்கு 10 ஆண்டு.

அடுத்த சில நாட்கள் விரலைக் கவனித்துவாருங்கள். முதல் நாள் லேசான சிவப்பும் வலியும் இயல்பு. வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, சூடு, வீக்கம், சீழ் ஆகியவை தொற்று ஏற்பட்டதன் அடையாளம். விரல் நுனியின் சதை நார்த்தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அங்கே சீழ் கட்டினால் பரவ இடமில்லாமல் அழுத்தம் ஏறி, நுனி இறுகி, விண்விண்ணென்று தெறிக்கும். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

விரல் முழுவதும் வீங்கி, தானாகவே மடங்கி நின்று, நீட்டினால் உயிர்போகும் வலி எடுத்தால், தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் தொற்று இறங்கியிருக்கலாம். சிவப்புக் கோடு கையில் மேலேறுவதும் காய்ச்சலும் அதே அளவுக்கு அவசரம். இவற்றில் எது வந்தாலும், இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மரத்துண்டு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே குத்தியது மரம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெளியே வந்த துண்டு இருந்தால் தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.