அந்த 14 எதை எண்ணியது? நிறுவனத்துக்குள் வழங்கும் குறிகளைச் சுருக்கும்போது நேரும் தவறுகள்

ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மாதாந்திர ஸ்லைடுகளை வெளியாருக்காக ஒரே பக்கத்தில் சுருக்கித் தரும் வேலை ஒருமுறை எனக்கு வந்தது. ஐந்தாவது ஸ்லைடில் இப்படி ஒரு வரி இருந்தது:

```
CR 14 (▲3)  ◑
```

“மாற்றக் கோரிக்கைகள் 14, சென்ற மாதத்தைவிட 3 அதிகம்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டுமே பிழை. அங்கே CR என்றால் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பொருள்கள். முக்கோணமும் ஏற்றத்தைக் காட்டவில்லை. தலைமையகம் ஜப்பானில் இருந்தது. அந்நாட்டுக் கணக்கு வழக்கில் எண்ணுக்கு முன் நிற்கும் ▲ கழித்தல் குறி. நல்ல செய்தி என் கையில் கெட்ட செய்தியாகிப் போயிருந்தது.

சுருக்கச்சொல்லை விளக்காமல் விடுவதைவிட ஊகித்து விரிப்பதுதான் பெரிய தவறு. CR என்று மொட்டையாக விட்டிருந்தால் படிப்பவர் என்னவென்று கேட்டிருப்பார். விரித்து எழுதியதால் நம்பிவிட்டார். அதே இரண்டு எழுத்துகள் மென்பொருள் குழுவில் மாற்றக் கோரிக்கை, கணக்குப் பேரேட்டில் வரவு.

விடையை முதலில் ஸ்லைடுத் தொகுப்புக்குள்ளேயே தேட வேண்டும். அதே சொல் வேறொரு வரைபடத்தின் அச்சில் அலகோடு நிற்கக்கூடும். ஏற்ற இறக்கக் குறிக்குக் கணக்கே சாட்சி: சென்ற மாத ஸ்லைடில் 17 இருந்தது, 17-இல் 3 போனால் 14. அரை நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையை நான் செய்யவில்லை. முந்தைய எண் கிடைக்காவிட்டால் ஸ்லைடைத் தயாரித்தவரைக் கேளுங்கள். “CR-க்கு விரிவு என்ன?” என்று கேட்காமல் “இந்த 14 எதை எண்ணியது?” என்று கேளுங்கள். விரிவு பல நேரம் உள்ளே இருப்பவர்களுக்கே மறந்துபோயிருக்கும். தெரிந்தாலும் வெளியாருக்கு அதனால் பயன் குறைவு.

அந்த வரியின் கடைசியில் நின்ற, பாதி நிரம்பிய வட்டம் இன்னொரு கண்ணி. ஹார்வி பந்து எனப்படும் இந்தக் குறி ஓரிடத்தில் பாதி வேலை முடிந்ததைச் சொல்லும். வேறிடத்தில், தேவைக்கு ஓரளவே பொருந்துகிறது என்று மதிப்பிடும். நிறங்களும் அப்படித்தான். “மஞ்சள் நிலையில் உள்ளது” என்று எழுதுவதில் பொருளில்லை. அந்த நிறுவனத்தில் இரண்டு வாரம் வரையிலான தாமதத்துக்கு மஞ்சள் என்றால், தாமதத்தையே எழுதிவிடுங்கள்.

கடைசியில் ஓர் அருஞ்சொற்பட்டியலைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்வது பலரின் வழக்கம். ஒரு பக்கச் சுருக்கத்தில் யாரும் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வரமாட்டார்கள். அதற்காக மூலச்சொல்லை அடியோடு நீக்கிவிடவும் கூடாது. ஸ்லைடைத் திறந்து ஒப்பிட நினைப்பவர் திணறுவார். பொருளை வாக்கியத்திலேயே சொல்லி, மூலக்குறியை ஒரே ஒரு முறை அடைப்புக்குள் வைத்தால் போதும். நான் திருத்தி அனுப்பிய வரி இது:

“வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பொருள்கள் 17-இலிருந்து 14-ஆகக் குறைந்துள்ளன (ஸ்லைடு 5-இல் CR).”