கடைசிச் சொல்லிலிருந்து ஆங்கில வாக்கியத்தைத் தொடங்குவது எப்படி?

தமிழில் விளக்குவது முன்னும் விளக்கப்படுவது பின்னும் வரும். வாக்கியத்தின் மற்ற உறுப்புகளெல்லாம் வினைமுற்றை விளக்குபவை என்பதால் அது இறுதியில் நிற்கிறது. 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் பொருள் மாறுவதில்லை. துரத்தப்பட்டது எது என்பதை 'ஐ' உருபே காட்டிவிடுவதால், வினை இரண்டுக்கும் நடுவில் நின்று பிரித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. வினைக்கு முன் நிற்பது துரத்தியது, பின் நிற்பது துரத்தப்பட்டது: 'த டாக் சேஸ்ட் த கேட்'. இதையே தமிழ் வரிசையில் 'த டாக் த கேட் சேஸ்ட்' என்று சொன்னால் கேட்பவருக்குப் 'பூனை துரத்திய நாய்' என்ற முடிவுபெறாத தொடராகப் படும். பலர் இதை வெறும் இலக்கணப் பிழை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.

இப்போது ஒரு நீண்ட வாக்கியத்தை மாற்றிப் பார்ப்போம்: 'நீங்கள் நேற்று கொடுத்த புத்தகத்தைத் தம்பியிடம் காட்டினேன்.'

முதலில் கடைசிச் சொல்லைப் பிரியுங்கள். 'காட்டினேன்' என்பதன் 'ஏன்' விகுதிக்குள் 'நான்' அடங்கியிருப்பதால் தமிழில் எழுவாயைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லாததால் அதை வெளியே எடுத்து முன்னால் வைக்க வேண்டும்: 'ஐ ஷோட்'.

அடுத்து, யாரிடம், எதை என்று வினையைக் கேளுங்கள்: 'ஐ ஷோட் மை பிரதர் த புக்'. இந்த இடத்திலேயே வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது.

மூன்றாவதாக, எந்தப் புத்தகம் என்று கேளுங்கள். 'நீங்கள் நேற்று கொடுத்த' என்ற பெயரெச்சத் தொடர் தமிழில் புத்தகத்துக்கு முன் நிற்கிறது, ஆங்கிலத்தில் அதற்குப் பின் செல்லும்: 'ஐ ஷோட் மை பிரதர் த புக் யூ கேவ் மீ யெஸ்டர்டே'. தடுமாற்றம் மிகுதியும் இந்தப் படியில்தான் நிகழ்கிறது. 'யூ கேவ்' என்று தொடங்கினால், நீங்கள் கொடுத்ததுதான் செய்தி என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். பின்னால் வரும் 'ஷோட்' எதனோடும் ஒட்டாமல் தொங்கும். ஒரே வாக்கியத்தில் இணைப்புச் சொல் இல்லாமல் இரண்டு வினைகள் மோதுவதாகத் தோன்றினால், பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்பே நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடவும் கூடாது. 'எழுந்து, குளித்து, கிளம்பினான்' போன்ற தொடர்களில் வினையெச்சங்கள் நிகழ்ந்த வரிசையிலேயே நிற்பதால் அவற்றை அப்படியே விட்டு, 'ஹி காட் அப், பாத்ட் அண்ட் லெஃப்ட்' என்று சொன்னால் போதும். 'அவர் ஆசிரியர்' என்பதில் திருப்புவதற்கு வினையே இல்லை. அங்கே 'இஸ்' என்பதை நாமாகச் சேர்த்து, 'ஹி இஸ் எ டீச்சர்' என்று சொல்ல வேண்டும்.