புதுக் கல்லூரியில் முதல் இரண்டு வாரம்: யாருக்கும் தெரியாத இடத்தில் பேர் எடுப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளியில் ‘வாயில்லாப்பூச்சி’ என்று பேர் வாங்கிய ஒரு பையன், பாளையங்கோட்டையில் பி.காம். சேர்ந்து தினமும் ரயிலில் வந்துபோகிறான் என்று வைத்துக்கொள்வோம். பழைய பேர் இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி பெஞ்ச், காதில் ஹெட்செட், தனியாகச் சாப்பாடு என்று ஒரு வாரம் போனால் புது ஆட்களும் அதே பேரைத்தான் வைப்பார்கள்.

படி 1: ஒரே ஒரு செய்கையை மாற்றுங்கள்

‘இனி நான் கலகலப்பானவன்’ என்று முடிவெடுக்காதீர்கள். அந்த வேஷத்தைத் தினமும் ஆறு மணி நேரம் தாங்க முடியாது. திடீரென்று அமைதியானால், கோபமோ என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நம் பையன் எடுக்க வேண்டிய முடிவு சின்னது: தினமும் ஒருவரிடம் தானே முதலில் பேசுவது. மற்றபடி அவன் அமைதியாகவே இருக்கலாம்.

படி 2: இடத்தைப் பிடியுங்கள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் நடந்த ஆய்வு ஒன்று 1950-இல் புத்தகமாக வந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களே அதிகம் நண்பர்களானார்கள் என்று அதில் தெரிந்தது. குணப் பொருத்தத்துக்கு முன்னால், அடிக்கடி எதிர்ப்படுவது வேலை செய்கிறது. அதனால் இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில், நடைபாதை ஓரமாக உட்காருங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுங்கள். ஹாஸ்டல் என்றால் சாயங்காலம் அறைக்கதவைத் திறந்து வையுங்கள்.

பள்ளித்தோழன் ஒருவனும் அதே வகுப்பில் சேர்ந்திருந்தால் முதல் இரண்டு வாரம் தள்ளித் தள்ளி உட்காருங்கள். ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நடுவே வரமாட்டான்; பழைய பட்டப்பேரும் அந்தத் தோழன் வாய்வழியாகத்தான் பரவும். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

படி 3: இரண்டு வாக்கியம் போதும்

முதல் வாக்கியம் உங்களைப் பற்றி, இரண்டாவது அந்த இடத்தைப் பற்றிய கேள்வி. “நான் அம்பாசமுத்திரம், டெய்லி ட்ரெயின்லதான் வாரேன். மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிடலாம்னு தெரியுமா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது, சேர்ந்து நடந்து போகவும் வழி பிறக்கும். மறுநாள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மறந்திருந்தால், “பேரு மறந்துட்டு, இன்னொரு தடவ சொல்லு” என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அவர் மனம் வருந்தும்.

நம் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். “எந்த ஊரு?” என்பது சாதாரணக் கேள்வி. “ஊர்ல எந்தத் தெரு?” என்பது பெரும்பாலும் சாதியைத் தூண்டில் போட்டுத் தேடும் கேள்வி. அதை நீங்கள் கேட்காதீர்கள். உள்நோக்கம் இல்லாமல் கேட்டாலும் எதிரில் இருப்பவர் சுருங்கிப்போவார். உங்களிடம் கேட்டால், “ஸ்டேஷன் பக்கம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உடனே பேச்சை வகுப்புக்குத் திருப்புங்கள். கையில் கட்டும் கலர் கயிறும் அப்படித்தான். நீங்கள் வாய் திறக்கும் முன்பே அது உங்களை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடும். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளி மாணவர்கள் இந்தக் கயிறு கட்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. கல்லூரி வாசலுக்கு வருமுன் அதைக் கழற்றிவிடுங்கள். எல்லோரோடும் பழக நினைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள முதல் வேலை கிடையாது.

எங்கே பிசகும்?

பேசி முடித்ததும் ‘உளறிவிட்டோம்’ என்று தோன்றும். புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவர், எதிராளி தன்னை எவ்வளவு விரும்பினார் என்பதைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அந்த எண்ணத்தை நம்பி மறுநாள் ஒதுங்காதீர்கள். அப்பாவின் வேலை, வீட்டு வசதி பற்றிப் பொய் சொல்வதும் நிலைக்காது. இந்த வட்டாரத்தில் வகுப்பில் யாராவது ஒருவருக்கு உங்கள் ஊரில் சொந்தக்காரர் இருப்பார்.

அவசரமும் கெடுக்கும். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றின் கணக்கு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் பெரிதாக உதவாது. நம் பையனுக்கு மதியச் சாப்பாடு அரை மணி, திரும்பும் ரயில் முக்கால் மணி என்றால், நாளுக்கு ஒன்றேகால் மணி. 40 கல்லூரி நாள், அதாவது எட்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் ‘இன்னும் யாரும் நெருங்கவில்லையே’ என்று தோன்றினால் கணக்குப்படி அவனுக்குப் பாதி மணிநேரம்கூட ஆகியிருக்காது. அதே பெட்டியில், அதே ஆளோடு ஏறிக்கொண்டே இருக்கட்டும்.